அலையைக் காட்டாத எண்

என் தங்கைக்குத் தலைப்பிரசவம் முடிந்து, பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்து வீட்டில் குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்திருந்த சமயத்தில், டல்லாசில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அதற்குள் வெவ்வேறு அளவில் மூன்று துணிக் காலுறைகளும், அவற்றுக்குள் செருகிக்கொள்ளும் கட்டைவிரல் அளவு உணரி ஒன்றும், படுக்கை அருகே வைக்க வேண்டிய வட்ட வடிவ விளக்குப் பெட்டி ஒன்றும் இருந்தன. காலுறையைக் குழந்தையின் பாதத்தில் மாட்டிவிட்டால் இரவு முழுவதும் நாடித்துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவையும் கைப்பேசியில் காட்டிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் 80-க்குக் கீழே போனாலோ, துடிப்பு 60-க்குக் குறைந்தாலோ 220-ஐத் தாண்டினாலோ விளக்கு சிவப்பாகி அலறும். அந்த அலறல் டல்லாசில் இருக்கும் கைப்பேசிக்கும் அதே நொடியில் போய்ச் சேரும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் உயிர்மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பல்ஸ் ஆக்சிமீட்டர்களைக் கழற்றி மாட்டுவது என் அன்றாடம். ஆகவே, பெட்டியைப் பிரித்ததும் என்னிடம்தான் கருத்துக் கேட்டார்கள். மாப்பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையாக அனுப்பியதைக் குறை சொல்வானேன் என்று, "போட்டுப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, நானும் அங்கே தங்கியிருந்த இரவில், இரண்டு நாற்பதுக்கு அது அலறியது. நான் எழுந்து போவதற்குள் தங்கை குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கி உலுக்கியிருந்தாள். உறக்கத்தில் இருந்த பிள்ளை வீறிட்டு அழுதான். விளக்கைப் போட்ட அம்மா, "அய்யோ சாமி, காலைப் பாரு, நீலம் பாஞ்சு கெடக்குது" என்று கத்தினார். கைப்பேசியில் ஆக்சிஜன் 77, துடிப்பு 66 என்று இருந்தது. அந்த நேரத்தில் டல்லாசில் பிற்பகல் மூன்று மணி. அலுவலகத்தில் இருந்த மாப்பிள்ளை மூன்றாவது முறையாக அழைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அந்த எண் ஏன் அவ்வளவு ஆழமாகப் பாய்ந்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2021 மே மாத இறுதியில் கொரோனாவின் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே முந்தியது நினைவிருக்கலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிடைக்காமல் மருந்துக் கடைகளில் சொல்லி வைத்து வாங்கிய நாட்கள் அவை. 94-க்குக் கீழே வந்தால் மருத்துவமனை, 90-க்குக் கீழே வந்தால் படுக்கை கிடைக்குமா என்ற தவிப்பு. அந்த அட்டவணை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மனப்பாடம். அப்படிப் பழகிய கண்ணுக்கு 77 என்பது வெறும் அளவீடாகத் தெரியாது.

நான் முதலில் கைப்பேசியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தேன். அழுகிற வாய்க்குள் டார்ச் அடித்தபோது நாக்கும் ஈறும் நல்ல இளஞ்சிவப்பாக இருந்தன. பாதம் நீலமாக இருந்தது உண்மைதான். ஆனால் குளிரில் பச்சிளம் குழந்தைகளின் கைகால் நுனிகள் அப்படி நீலம் பாய்வது வழக்கம். நாக்கு நீலமானால்தான் உடல் முழுவதும் ஆக்சிஜன் குறைகிறது என்று பொருள். பிறகு அழுகை அடங்கும்வரை காத்திருந்து, இடது மார்பில் இரண்டு விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடிக்கு எண்ணினேன். முப்பத்து மூன்று. நான்கால் பெருக்கினால் 132. கைப்பேசி அப்போதும் 66 என்றே காட்டிக்கொண்டிருந்தது. சரியாகப் பாதி.

அந்தப் பாதியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. கருவி ஒரு துடிப்பை எண்ணி, அடுத்ததைத் தவறவிட்டு, மறுபடி ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தது. துடிப்பையே சரியாகப் பிடிக்காத கருவி சொல்லும் ஆக்சிஜன் எண்ணுக்கு மதிப்பில்லை. இது என் தனிப்பட்ட ஊகமன்று. அந்தக் கருவி வேலை செய்யும் விதத்திலேயே இருப்பது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ரத்தமும் இறக்கிவிட்ட ரத்தமும் ஒளியை ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. ஆக்சிஜன் இறங்கிய ரத்தம், ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியைச் சற்று அதிகம் விழுங்கும். இந்த இரண்டு ஒளிகளையும் பாதத்தின் ஒரு பக்கத்திலிருந்து செலுத்தி, மறுபக்கத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கலாம். ஆனால் தோல், தசை, எலும்பு, சிரை ரத்தம் எல்லாமே ஒளியை விழுங்கிவிடுகின்றன. நமக்கு வேண்டியது தமனி ரத்தம் மட்டும். அதைப் பிரித்தெடுக்கும் வழியை 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டார். துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி ரத்தம் ஒன்றுதான். ஆகவே, வந்து சேரும் ஒளியில் ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிவப்பின் ஏற்ற இறக்கத்தையும் அகச்சிவப்பின் ஏற்ற இறக்கத்தையும் வகுத்துப் பார்த்தால் போதும். இந்த விகிதம்தான் திரையில் சதவீதமாக மாறுகிறது.

யோசனை அழகானது; அதன் பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் வந்து சேரும் ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோதான். குளிர்ந்த சிறு பாதத்தில் அதற்கும் கீழே. "ஏறி இறங்குவதெல்லாம் தமனி ரத்தம்" என்ற நம்பிக்கையில்தான் கணக்கே நிற்கிறது. குழந்தை காலை உதைத்தால் சிரை ரத்தமும் சேர்ந்து ஆடுகிறது, உணரியும் தோலின்மேல் நகர்கிறது. இந்த ஆட்டம் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஏறத்தாழ ஒரே அளவில் அசைப்பதால், விகிதம் ஒன்றை நோக்கி இழுக்கப்படுகிறது. விகிதம் ஒன்றானால் திரையில் 85-ஐ ஒட்டிய எண் வரும். ஆரோக்கியமான குழந்தை காலை ஆட்டும்போதெல்லாம் எண் எண்பதுகளில் விழுவது இதனால்தான்.

85 அலறாது, 80-க்குக் கீழே போக வேண்டும். எங்கள் வீட்டில் 77 எப்படி வந்தது என்பது காலுறையைக் கழற்றியபோது தெரிந்தது. மாலையில் அம்மா குழந்தைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கைகால் நீவிவிட்டிருந்தார். அந்த வழுக்கலில் காலுறை குதிகாலை நோக்கிச் சுழன்று, ஒளி விடும் பக்கமும் ஒளி வாங்கும் பக்கமும் நேருக்கு நேர் நிற்காமல் சாய்ந்திருந்தன. அப்படிச் சாயும்போது ஒளியின் ஒரு பகுதி சதைக்குள் போகாமல் ஓரமாக வழிந்து நேரே மறுபக்கம் சேர்ந்துவிடும். இரண்டு ஒளிகளும் வெவ்வேறு பாதைகளில் செல்வதால் விகிதம் குலையும். சிறு குழந்தைகளின் விரலிலும் பாதத்திலும் உணரி சரியாக உட்காராதபோது எண் பொய்யாகத் தாழ்வதற்கு இது நன்கு அறியப்பட்ட காரணம். போதாக்குறைக்கு, அளவில் பெரிய காலுறையைத் தங்கை மாட்டியிருந்தாள். அடுத்த மாதம் எப்படியும் கால் வளர்ந்துவிடும் என்று சட்டை வாங்கும் கணக்கில் எடுத்தது. உள்ளங்காலில் திருஷ்டிக்கு வைத்த மைப்பொட்டும் சேர்ந்துகொண்டதா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நகப்பூச்சு விரலில் ஒளியை மறிப்பதைப் பார்த்திருக்கிறேன். மை மட்டும் மறிக்காமலா இருக்கும்? ஆனால் அதை அம்மாவிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த வாரம், பச்சிளம் குழந்தைகளுக்கான ஒட்டு உணரியோடு கையடக்க மருத்துவமனை ஆக்சிமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி எடுத்துப் போனேன். ஒரு காலில் காலுறை, மறு காலில் அது. குழந்தை பால் குடித்துவிட்டு உறங்கியபோது இரண்டும் அண்ணன் தம்பி போல் ஒத்துப்போயின: இது 98 என்றால் அது 97, இது 126 என்றால் அது 125. பிறகு அம்மா வழக்கம்போல் தொட்டிலை ஆட்டத் தொடங்கினார். உத்தரத்திலிருந்து சேலையில் தொங்கும் எங்கள் தொட்டில் நிமிடத்துக்கு இருபது முறைக்கு மேல் போய்வரும். ஒவ்வொரு முறையும் காலில் ரத்தம் சற்றே அலம்பும். சிறிது நேரத்தில் காலுறை 84 என்றது. மருத்துவமனைக் கருவியும் ஒன்றும் பெரிய புத்திசாலித்தனம் காட்டவில்லை. அதுவும் 89-க்கு இறங்கியது.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. மருத்துவமனைக் கருவியின் திரையில் எண்ணுக்குக் கீழே ஓர் அலை ஓடும். சரியாக அளக்கும்போது அந்த அலை கூரான ஏற்றமும் சாய்வான இறக்கமுமாக, ஒன்றைப் போலவே மற்றொன்று வரும். தொட்டில் ஆடியபோது அது குடைசாய்ந்த வண்டிபோல் தாறுமாறாகிவிட்டது. பக்கத்திலேயே ரத்த ஓட்டத்தின் வலிமையைக் காட்டும் சிறு எண், 1.4-லிருந்து 0.3-க்கு விழுந்தது. எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எச்சரிக்கை ஒலிக்கும்போது செவிலியர் முதலில் பார்ப்பது அந்த அலையைத்தான். அலை கலைந்திருந்தால் உணரியைச் சரிசெய்வார். அலை சீராக இருந்து எண் தாழ்ந்திருந்தால் ஓடுவார். மருத்துவமனையிலும் பெரும்பாலான ஒலிகள் பொய்யானவைதாம்; ஆனால் பொய் என்று கண்டுபிடிக்க அங்கே ஓர் அலையும், அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரும் இருக்கிறார்கள். வீட்டுக் காலுறையோ அலையை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் பெற்றோர் கையில் கொடுக்கிறது. என் மனக்குறையெல்லாம் இந்த ஓரிடத்தில்தான்.

பொய் ஒலி அச்சத்தை விட்டுவிட்டுப் போவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். குழந்தையைத் தூக்கியதும் கால் அசைகிறது, காலுறை நகர்கிறது, கொஞ்ச நேரத்தில் எண் 98-க்குத் திரும்புகிறது. நாம் "கருவி தவறியது" என்று சொல்லலாம். தாயின் மனம் "குழந்தை ஒரு கணம் போய்விட்டு வந்தது, நான் தூக்கியதால் பிழைத்தது" என்று சொல்கிறது. இரண்டில் எது உண்மை என்று பிறகு நிறுவ அவளிடம் எதுவுமில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பல இரவுகள் தங்கை கைப்பேசியை மார்பில் வைத்துக்கொண்டு விழித்துக் கிடந்தாள். மறுநாளே குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் உடலைச் சோதித்து, தன் கருவியில் 99 பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அவர் ரத்தம் எடுக்கச் சொல்லாததும் ஓர் இரவு வைத்துப் பார்க்கச் சொல்லாததும் எங்கள் அதிர்ஷ்டம். இப்படி ஒலி கேட்டு வந்த ஆரோக்கியமான குழந்தைகள் சோதனை மேல் சோதனைக்கு உள்ளாவதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்காகப் பார்த்தாலும் விஷயம் விளங்கும். மூன்று மாதக் குழந்தை நாளுக்குப் பதினான்கு மணிநேரம் உறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்; 840 நிமிடங்கள். கருவி நிமிடத்துக்கு ஒரு முடிவு எடுக்கிறது, ஆயிரத்தில் ஒரு முடிவு மட்டுமே தவறு என்று தாராளமாகக் கொள்வோம். அப்படியும் ஏறத்தாழ நாளுக்கு ஒரு பொய் ஒலி வரும். ஆறு மாதத்தில் நூற்றைம்பது. நோயற்ற குழந்தையின் ஆறு மாதத்தில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் ஒரு முறைகூட நேர்வதில்லை. ஆக, கருவி எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும், ஆரோக்கியமான வீட்டில் கேட்கும் ஒலி ஏறக்குறைய எல்லாமே பொய்யாகத்தான் இருக்க முடியும். எல்லையை 80 என்று அவ்வளவு கீழே வைத்திருப்பதும், தாழ்ந்த எண்ணைச் சில நொடிகள் சராசரி பார்த்த பிறகே ஒலிப்பதும் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான். ஆனால் அப்படிக் குறைக்கும் அளவுக்கு உண்மையான தாழ்வும் தாமதமாகத் தெரியவரும். இந்த முடிச்சை யாரும் முழுதாக அவிழ்த்துவிடவில்லை.

இன்னொன்று: ஒலி உண்மையாகவே இருந்தாலும் நோய் என்று பொருளில்லை. பச்சிளம் குழந்தைகள் உறக்கத்தில் ஐந்து பத்து நொடி மூச்சை நிறுத்தி மறுபடி எடுப்பது இயல்பு. 2001-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வீட்டிலேயே கருவி மாட்டிக் கண்காணித்தார்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிலேயே 43 சதவீதத்தினருக்கு, மருத்துவர்கள் அதுவரை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டிருந்ததைத் தாண்டிய மூச்சு நிறுத்தமோ துடிப்புக் குறைவோ ஒருமுறையேனும் பதிவானது. முன்பு யாரும் பார்க்காமல் உறங்கிக் கடந்துபோன நொடிகளுக்கு இன்று விளக்கு எரிகிறது.

தவறு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். 2018-இல் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில், சந்தையில் இருந்த இத்தகைய இரண்டு கருவிகளை 30 குழந்தைகளிடம் மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டார்கள். ஒன்று ஆக்சிஜன் குறைந்ததைக் கண்டுபிடித்தது, ஆனால் சீராக இல்லை. மற்றொன்று குறைவை ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அதோடு, நன்றாக இருந்த குழந்தைகளின் துடிப்பைப் பொய்யாகத் தாழ்த்திக் காட்டியது. இங்கே பாதியாகக் குறைந்த 66-ஐ நான் கண்டபோது எனக்கு வியப்பு வராததற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். உறக்கத்தில் நிகழும் திடீர்க் குழந்தை மரணத்தைத் தடுக்க வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இதயத் துடிப்பும் ஆக்சிஜனும் அளந்து எச்சரிப்பது மருத்துவக் கருவியின் வேலை, அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று கடிதம் எழுதியதால், இவ்வகையில் பெயர்பெற்ற கருவி ஒன்று அங்கே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. 2023-இல் முறையான அனுமதிகள் வந்தன. அனுமதி வந்ததால் கால் உதைப்பது நின்றுவிடாது.

சிவப்பு ஒலி தவிர, தொடர்பு அறுந்தாலும் அந்த விளக்குப் பெட்டி வேறு நிறத்தில் வேறு இசையில் கூப்பிடும். எங்கள் பக்கம் மின்சாரம் போனால் இன்வெர்ட்டருக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் வைஃபை பெட்டி அணைந்து எரியும். உடனே இது பாட ஆரம்பிக்கும். இரவில் நிறத்தைப் பார்த்துப் பிரித்தறியும் நிதானம் யாருக்கு வரும்? அம்மாவுக்கு எல்லா ஒலியும் ஒன்றுதான்.

நான் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. ஒலித்தால் முதலில் குழந்தையின் மூச்சையும் நாக்கின் நிறத்தையும் பார்க்க வேண்டும். நாக்கு நீலமாக இருந்தாலோ, தூக்கினால் துவண்டு கிடந்தாலோ, மூச்சு இல்லாவிட்டாலோ, மார்புக்கூடு உள்வாங்க முனகி மூச்சு விட்டாலோ, எந்தக் கருவி என்ன சொன்னாலும் 108-ஐ அழைக்க வேண்டும். கருவி வாய்மூடி இருந்தாலும் அப்படியே. குழந்தை நல்ல நிறத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், மார்பில் விரல் வைத்துப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கிக் கைப்பேசியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆக்சிஜன் எண்ணைத் தூக்கி எறியலாம். பொருந்தியிருந்தும் எண் தாழ்ந்தே இருந்தால், பாதத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, எண்ணெயைத் துடைத்து, காலுறையை மாற்றி மாட்டிப் பார்த்து, அப்படியும் ஏறாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மறைத்து வைத்த அலைக்குப் பதிலாக அவளிடம் நான் கொடுக்க முடிந்தது அந்த விரல் எண்ணிக்கை ஒன்றுதான். பத்து நாள் பகலில் உறங்கும் குழந்தையிடம் எண்ணிப் பழகினாள். முதலில் நாற்பதைத் தாண்டியும் எண்ணினாள். பதற்றத்தில் தன் விரலின் துடிப்பையும் சேர்த்து எண்ணியிருக்கிறாள். பிறகு கை படிந்துவிட்டது.

தை பிறந்து இரண்டாவது வாரத்தில் ஒரு காலை அழைத்தாள். இரவு மறுபடி அலறியதாம்.

"உங்களை எழுப்பலீங்ணா. வாயைப் பார்த்தேன், நல்லாச் செவப்பா இருந்துச்சு. கையை வச்சு எண்ணுனேன், முப்பத்திரண்டு வந்துச்சு. அது அறுபத்து நாலுன்னு காட்டுச்சு."

"அப்புறம்?"

"அவருக்குப் போன் போட்டு, கணக்கு ஒத்து வரலீங்கன்னு சொன்னேன். காலுறையைக் கழட்டிப் பெட்டியில வச்சுட்டுத் தூங்கிட்டேன்."